அத்தியாயம் 4: கெட்டி டிகாஷன், ஏற்ற பால், நிற்கும் நுரை

மாயவரத்திலிருந்து ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்குக் குடி வந்தபோது அதே ஃபில்டரையும் அதே கடைப் பொடியையும் அதே டபரா செட்டையும் கையோடு கொண்டுவந்தேன். ஆனால் முதல் நாள் காலை போட்ட காபி வேறு காபியாக இருந்தது. நிறம் மங்கல், வாசனை குறைவு, நாக்கில் ஒரு மந்தம். நுரை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. ஒரு வாரம் பொடியைக் கூட்டிக்கொண்டே போனேன். கசப்புதான் கூடியது.

மேல் மாடியில் இ.சி.ஐ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். அந்த நிறுவனத்தை 1967-ல் உருவாக்கிய ஏ.எஸ்.ராவின் பெயரைத்தான் இந்தப் பகுதி தாங்கியிருக்கிறது. மாமாவுக்கு எதையும் அளந்து பார்க்கும் வழக்கம். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? இன்னிக்குத் தண்ணிய மட்டும் மாத்திப் பாரும்மா. நாளைக்குப் பாலை மாத்து" என்றார். அப்படியே செய்தேன். தண்ணீரை மாற்றியதும் பாதி சரியானது, பாலை மாற்றியதும் மீதி. பொடியின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் எருமைப் பாலும் புழங்கும் எந்த ஊர் அடுப்படிக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். கீழே உள்ள அளவுகள் 150 மில்லி டம்ளரில் மூன்று காபிக்கு.

எடுத்து வைக்க வேண்டியவை

- மூன்று, நான்கு பேருக்கான எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று: ஓட்டை போட்ட மேல் பாத்திரம், டிகாஷன் இறங்கும் கீழ் பாத்திரம், காம்பு வைத்த அமுக்குத் தட்டு, மூடி
- காபிப் பொடி குவியலாக நான்கு டேபிள்ஸ்பூன், அதாவது ஏறக்குறைய 30 கிராம்
- தண்ணீர் 180 மில்லி
- பால் 350 மில்லி
- சர்க்கரை
- டபரா, டம்ளர்
- மில்லி கோடு போட்ட ஓர் அளவுக் குவளை

அளவுக் குவளையை முதல் பத்து நாளைக்காவது விடாதீர்கள். கண் பழகிய பிறகு அது தேவைப்படாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஹைதராபாத்தின் தரைக்கு அடியில் கருங்கல். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் பல குடியிருப்புகளில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. காபியின் வாசனைக்கு உயிர் கொடுப்பது அதிலுள்ள மெல்லிய புளிப்பு. சுண்ணாம்புத் தண்ணீர் அந்தப் புளிப்பை அமுக்கிவிடும். நீங்கள் எவ்வளவு பொடி போட்டாலும் காபி மொட்டையாக இருப்பது இதனால்தான்.

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தால் அந்தத் தண்ணீரில் டிகாஷன் போட வேண்டாம். குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ எடுங்கள். மூன்று காபிக்கு ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் செலவாகும். சில ஆர்.ஓ. கருவிகள் தண்ணீரில் எதையுமே மிச்சம் வைக்காமல் எடுத்துவிடும். அதில் போட்ட டிகாஷன் நாக்கில் சுள்ளென்று பிடித்தால், நாலில் ஒரு பங்கு நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கலந்து கொதிக்க வையுங்கள்.

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 98 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே கொதித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்றுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தளதளவென்று கொதித்ததும் ஊற்றுங்கள்.

பொடி

காபிக் கொட்டை 80 பங்கு, சிக்கரி 20 பங்கு என்ற கலவையில் தொடங்குங்கள். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பும். அதனால் தண்ணீர் மெதுவாக இறங்கும், டிகாஷனுக்குக் கனமும் நிறமும் கிடைக்கும். 30 பங்குக்கு மேல் போனால் கனம் இருக்கும், காபி இருக்காது. வெல்லம் கருகினாற்போல் ஓர் இனிப்புக் கசப்பு முந்திக்கொள்ளும். சிக்கரி எத்தனை சதவீதம் என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் படியுங்கள்.

அரைத்த பதத்தை விரலால் சோதிக்கலாம். ஒரு சிட்டிகையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசுங்கள். ரவையைவிட மென்மையாகவும் மைதாவைவிடக் கரகரப்பாகவும் இருந்தால் அதுதான் பதம். நூறு, இருநூறு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்குப் பிறகு வாசனை இறங்கிவிடும்.

டிகாஷன் இறக்குதல்

1. மேல் பாத்திரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் விழும் பொடி ஓட்டைகளில் சேறாக அப்பிக்கொள்ளும்.

2. 30 கிராம் பொடியைப் போட்டுப் பாத்திரத்தின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்துங்கள்.

3. அமுக்குத் தட்டை வைத்து, ஒரு விரலின் பாரத்தில் லேசாக அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. கெட்டியாக வேண்டும் என்று உள்ளங்கையால் அழுத்தினால் பொடி அடையாகிவிடும், தண்ணீர் மேலேயே நிற்கும். அழுத்தாமலே விட்டால் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும், பொடியின் நடுப்பகுதி நனையவே நனையாது.

4. மேல் பாத்திரத்தைக் கீழ் பாத்திரத்தின் மேல் பொருத்துங்கள். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து மேடையின் உள்பக்கமாக, சுவரை ஒட்டித் தள்ளி வையுங்கள். குழந்தையின் கை எட்டக் கூடாது. உங்கள் முழங்கையும் இடிக்கக் கூடாது.

5. கொதித்த தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் மட்டும் தட்டின் மேல் சுற்றி ஊற்றி அரை நிமிஷம் பொறுங்கள். பொடி ஊறி உப்பும். வாசனை குப்பென்று வருவதும் இப்போதுதான்.

6. மீதித் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றி மூடுங்கள்.

7. இருபது நிமிஷம் தொடாதீர்கள். தட்டுவது, குலுக்குவது, திறந்து பார்த்துக் கரண்டியால் கிளறுவது எதுவும் கூடாது. கிளறினால் நுண்பொடி ஓட்டை வழியே இறங்கிக் கடைசி வாயில் சக்கையாக நிற்கும்.

180 மில்லி தண்ணீர் ஊற்றினால் கீழே 110 முதல் 120 மில்லிதான் இறங்கும். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்குத் தண்ணீரைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும். குறைவாக இருக்கிறதே என்று இன்னொரு டம்ளர் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினால் கெட்டி டிகாஷன் அத்தோடு போயிற்று. இரண்டாம் டிகாஷன் வேண்டுமென்றால் முதல் டிகாஷனை வேறு பாத்திரத்தில் ஊற்றி எடுத்துவிட்டு, 80 மில்லி வெந்நீர் விட்டுத் தனியாக இறக்குங்கள். அது சாயங்காலம் லைட்டாகக் குடிப்பவர்களுக்கு உதவும். முதலாவதோடு கலக்க வேண்டாம்.

*டிகாஷன் தேறியதா என்று தெரிந்துகொள்ள:* ஒரு ஸ்பூனில் எடுத்துச் சாய்த்து ஊற்றுங்கள். ஸ்பூனில் செம்பழுப்பாக ஒரு படலம் தங்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பூன் டிகாஷனில் மூன்று ஸ்பூன் சூடான பாலை விடுங்கள். செம்மண் நிறம் வந்தால் சரி. சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு வந்தால் டிகாஷன் நீர்த்துவிட்டது. அதைப் பாலைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. அன்றைக்கு லைட் காபி என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் பொடியின் பதத்தைச் சரிபார்க்க வேண்டியதுதான்.

இறங்காமல் நின்றுவிட்டால்

பத்து நிமிஷம் ஆகியும் கீழே இரண்டு ஸ்பூன்தான் இருக்கிறது என்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்தில் இறுகப் பொருந்தியிருந்தால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனைத் தடுத்து நிறுத்தும். கனமான துணியால் மேல் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி மறுபடி வையுங்கள். சொட்ட ஆரம்பித்தால் பிரச்சினை அவ்வளவுதான்.

புடவைத் தலைப்பாலும் துப்பட்டாவாலும் ஃபில்டரைப் பிடிக்காதீர்கள். துணி வழுக்கினால் கொதிநீர் மேலே கொட்டும். ஒட்டிக்கொண்டு வராத ஃபில்டரை முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருகி இழுப்பதும் ஆபத்து. ஆறவிட்டு, கீழ் பாத்திரத்தைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் தானாக விட்டுக்கொடுக்கும்.

காற்று காரணமில்லை என்றால் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. அதைச் சரிசெய்யும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

பால்: கொழுப்பு எவ்வளவு?

ஏ.எஸ்.ராவ் நகரில் நான் பால் வாங்கப் போன முதல் நாள், "கேதெ பாலா, ஆவு பாலா?" என்று கேட்டார்கள். எருமையா, பசுவா என்று கேள்வி. அடுத்த வாசகம், "சிக்கட்டி பாலு அம்மா", அதாவது கெட்டிப் பால். கெட்டி என்ற சொல்லுக்கு மயங்கி எருமைப் பாலையே வாங்கினேன். தயிருக்கு அதைப்போல் இன்னொன்று கிடையாது. ஆனால் காபியில் அந்தக் கொழுப்பு டிகாஷனின் வாசனையை மூடிவிட்டது. குடித்து முடித்ததும் உதட்டில் வெண்ணெய்தான் நின்றது.

பாக்கெட் பாலில் நிறத்தை நம்பாதீர்கள். சென்னையில் நீலம் ஒன்றைக் குறித்தால், இங்கே வேறொரு நிறுவனத்தின் நீலம் இன்னொன்றைக் குறிக்கலாம். பின்பக்கத்தில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இந்தியா முழுவதும் வழக்கில் உள்ளவை நான்கு: டபுள் டோன்டு 1.5, டோன்டு 3, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6.

1.5 சதவீதப் பாலில் நுரை மளமளவென்று வரும். ஆனால் காபி தண்ணியாக இருக்கும், டிகாஷனின் கசப்பு முன்னால் நிற்கும். 3 சதவீதப் பாலில் நுரை நன்றாக வரும், டிகாஷன் மணக்கும், உடல் கொஞ்சம் மெலிவு. 6 சதவீதத்தில் நாக்குக்குச் சுகம் உண்டு. ஆனால் டம்ளருக்குப் பத்து மில்லி டிகாஷன் கூடுதலாக விட்டால்தான் காபி என்று தெரியும். மேலே சொன்ன டிகாஷனுக்கு நான் எடுப்பது 4-க்கும் 4.5-க்கும் இடைப்பட்ட பால்.

கெட்டிப் பால்தான் வீட்டில் இருக்கிறது என்றால் பலரும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவார்கள். நானும் செய்தேன். நுரை போனதற்கு அதுவே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. நுரையைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம். தண்ணீர் விட்டால் கொழுப்போடு சேர்ந்து புரதமும் நீர்த்துப் போகிறது. கும்பகோணம் டிகிரி காபியின் பெயருக்குப் பால்மானி காட்டும் டிகிரியைக் காரணமாகச் சொல்வார்கள். தண்ணீர் கலக்காத பால் என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

எனவே கொழுப்பைக் குறைக்கத் தண்ணீர் விடாதீர்கள், டோன்டு பாலைச் சேருங்கள். அதில் கொழுப்புக் குறைவு, புரதம் அப்படியே இருக்கும். கணக்கு எளிது:

- 6 சதவீதப் பால் ஒரு பங்கு, 3 சதவீதப் பால் ஒரு பங்கு: 4.5
- 6 சதவீதப் பால் ஒரு பங்கு, 3 சதவீதப் பால் இரண்டு பங்கு: 4
- கறந்த எருமைப் பால் (7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு பங்கு, 3 சதவீதப் பால் இரண்டு பங்கு: 4.3

*குறிப்பு:* பாக்கெட்டில் ஹோமோஜெனைஸ்டு என்று இருந்தால் அந்தப் பாலில் கொழுப்பைப் பொடியாக உடைத்திருக்கிறார்கள். ஏடு அவ்வளவாகக் கட்டாது, காபிக்கு அது வசதி. தயிர் தோய்க்க வேறு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

பால் காய்ச்சுதல்

1. அடி கனத்த பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு பாலை ஊற்றுங்கள். அடிப்பிடிப்பது குறையும். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

2. நடுத்தரத் தீயில் வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். கரண்டியால் அவ்வப்போது அடிவரை துழாவுங்கள்.

3. பொங்கி எழும்பியதும் அணையுங்கள். காபிக்கு இந்த முதல் கொதிப் பால்தான் ருசி. திரும்பத் திரும்பக் கொதித்த பாலில் ஒரு காய்ச்சல் வாடை ஏறிவிடும். மேலே எண்ணெய்ப் பொட்டுகளும் மிதக்கும். அந்தப் பொட்டுகள் நுரைக் குமிழிகளை உடைத்துவிடும்.

4. காபி கலக்கும்வரை ஏடு கட்டாமல் ஒரு கலக்குக் கலக்குங்கள். கட்டிவிட்டால் எடுத்துவிடுங்கள். ஏட்டோடு ஆற்றினால் நுரை வராது, துணுக்குகள்தான் மிதக்கும்.

பால் நேற்றையதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி பாலைத் தனியாகக் கொதிக்க வைத்து அதில் சில சொட்டு டிகாஷன் விட்டுப் பாருங்கள். திரிந்தால் அந்தக் கரண்டியோடு போகும். டிகாஷனும் மீதிப் பாலும் வீணாகாது.

கலத்தல்

டம்ளரையும் டபராவையும் வெந்நீரில் அலசிக் கொட்டுங்கள். ஆற்றும்போது போகும் சூட்டில் ஒரு பங்கைக் குளிர்ந்த பாத்திரம் குடித்துவிடுகிறது. முதலில் சர்க்கரை, அதன் மேல் 35 மில்லி டிகாஷன், ஒரு கலக்கு. பிறகு கொதி அடங்கிய சூடான பால் 115 மில்லி. பாலை ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினால் அங்கேயே முதல் நுரை கிளம்பும்.

டிகாஷனை ஒருபோதும் நேரே அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். கசந்துவிடும். ஆறிப்போயிருந்தால் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். மிச்சமானதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலைக்குள் முடித்துவிடுங்கள்.

ஆற்றுதல்

ஆற்றுவது காபியின் சூட்டைக் குறைக்க மட்டும் என்று நினைத்தால் நுரை வராது. விழும் தாரை கீழே இருக்கும் காபியைக் குத்திக் காற்றை உள்ளே இழுத்துப் போக வேண்டும். அதற்கு உயரம் எவ்வளவு முக்கியமோ, தாரை மெலிந்து அறுபடாமல் விழுவதும் அவ்வளவு முக்கியம்.

முதல் மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் பழகுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் நின்றால் சிந்தினாலும் பரவாயில்லை. சூடான காபிக்கு வந்த பிறகும் சில நாள் அங்கேயே நில்லுங்கள், காலில் செருப்போடு. பக்கத்தில் குழந்தை இருந்தால் அன்றைக்கு ஸ்பூனால் கலக்கிக் கொடுங்கள், ஆற்ற வேண்டாம்.

1. டம்ளரில் முக்கால் அளவுக்கு மேல் இருக்கும் காபியை முதலிலேயே டபராவில் ஊற்றிவிடுங்கள். டம்ளரின் மேல் விளிம்பைக் கட்டைவிரலாலும் முதல் இரண்டு விரல்களாலும் பிடியுங்கள். சூடு ஏறாத இடம் அதுதான். மறு கையில் டபராவை விளிம்போடு பிடித்து இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

2. டம்ளரின் வாயை டபராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாயுங்கள். தாரை விழத் தொடங்கிய பிறகு டம்ளரை மேலே தூக்குங்கள். முதல் தடவை ஒரு சாண் போதும்.

3. டபராவிலிருந்து டம்ளருக்குத் திருப்பும்போது தாழ்வாக ஊற்றுங்கள். டம்ளரின் வாய் சிறியது, குறி தப்பும்.

4. இரண்டாம் தடவை டம்ளரை ஒரு முழம்வரை தூக்கலாம். டம்ளர் மேலே போகும்போது டபராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இரண்டு கையும் பங்கு போட்டுக்கொண்டால் தோள் வலிக்காது, தாரையும் அறுபடாது.

5. மொத்தம் மூன்று அல்லது நான்கு தடவை. அதற்கு மேல் ஆற்றினால் காபி ஆறிவிடும், நுரையும் உடையத் தொடங்கும்.

6. கடைசியாக டபராவிலிருந்து டம்ளரில் ஊற்றும்போது காபி முதலில் போகும், நுரை டபராவில் தங்கும். டபராவை ஒரு சுழற்றுச் சுழற்றி அந்த நுரையை மேலே சரித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் நுரையே வரவில்லை என்கிறார்கள்.

ஆற்றும்போது மேலே இருக்கும் கையைப் பார்க்காதீர்கள். காபி விழும் இடத்தைப் பாருங்கள். கண் எங்கே இருக்கிறதோ தாரை அங்கே விழும். மாமா என் பின்னால் நின்றுகொண்டு, "டபராவைப் பாரு, டபராவைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான்காம் நாள்தான் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன்.

நல்ல நுரையின் குமிழி கடுகைவிடச் சிறியது. ஸ்பூனால் ஒதுக்கினால் மெதுவாக வந்து மூடிக்கொள்ளும். சோப்பு நுரைபோலப் பெரிய பெரிய குமிழிகள் வந்து படபடவென்று உடைந்தால், எடுத்த எடுப்பிலேயே உயரத்துக்குப் போயிருக்கிறீர்கள் அல்லது பாலில் தண்ணீர் இருக்கிறது. நுரை நன்றாக வந்து ஒரு நிமிஷத்தில் அடங்கி, மேலே மினுமினுவென்று எண்ணெய் தெரிந்தால், பால் பலமுறை கொதித்தது. சர்க்கரை இல்லாத காபியில் நுரை சற்றுச் சீக்கிரம் இறங்கும். அதற்கு ஒரு தடவை கூடுதலாக ஆற்றி உடனே கொடுத்துவிட வேண்டும்.

ஆறு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருந்தபோது எல்லாரோடும் சேர்த்து ஆறு காபி. டம்ளருக்கு 35 மில்லி வீதம் 210 மில்லி டிகாஷன் வேண்டும். என் ஃபில்டரில் ஒரு தடவைக்கு 115 மில்லிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 60 கிராம் பொடியையும் ஒரேயடியாகத் திணித்தால் தண்ணீருக்கு இடம் இருக்காது. ஆகவே இரண்டு தடவை இறக்குவது என்று முடிவு செய்து ஐந்தரைக்கே ஆரம்பித்தேன்.

பால் 690 மில்லி தேவை. காய்ச்சும்போது சுண்டுவதற்கும் சேர்த்து, வீட்டில் இருந்த எருமைப் பாலில் 250 மில்லியும் டோன்டு பாலில் 500 மில்லியும் எடுத்துக்கொண்டேன்.

முதல் டிகாஷன் சரியாக இருபது நிமிஷத்தில் இறங்கியது. சக்கையைக் கொட்டி, மேல் பாத்திரத்தை அலசி, அவசரத்தில் துடைக்காமல் அடுத்த 30 கிராமைப் போட்டேன். கால் மணி நேரம் ஆகியும் கீழே ஒரு கரண்டிகூட இல்லை. விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன், பயனில்லை. ஈர ஓட்டைகளில் பொடி சேறாகிவிட்டிருந்தது. இதற்குள் பாலை ஏற்கெனவே பொங்கவைத்து, சூடு போகாமலிருக்கச் சிறு தீயில் விட்டிருந்தேன். தடியாக ஏடு கட்டியிருந்தது.

செய்தது இவ்வளவுதான். முதலில் பால் அடுப்பை அணைத்து ஏட்டை எடுத்தேன். கையில் இருந்த 115 மில்லியில் மூன்று காபி கலந்து பெரியவர்களுக்குக் கொடுத்தேன். மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல், ஐந்து தடவை ஆற்றி. நின்றுபோன ஃபில்டரிலிருந்த தண்ணீரைப் பொடியோடு கொட்டிவிட்டு, ஓட்டைகளைச் சுத்தம் செய்து, அடுப்புச் சூட்டில் காட்டிக் காயவைத்து, புதிதாக 30 கிராம் போட்டேன். இருபது நிமிஷத்தில் மற்ற மூன்றும் தயார். வீணான பொடியை மீட்கப் பார்த்து மெல்லிய டிகாஷனில் ஆறு பேருக்கும் கலந்திருந்தால் ஆறு காபியும் கெட்டிருக்கும்.

அன்றிலிருந்து இரண்டு தடவை இறக்க வேண்டிய நாளில் பாலை இரண்டாம் டிகாஷன் பாதி இறங்கிய பிறகே அடுப்பில் ஏற்றுகிறேன். மேல் பாத்திரத்தைத் துடைக்கவென்று ஒரு துணி, ஃபில்டருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

ஃபில்டரைச் சுத்தம் செய்தல்

தினமும் சக்கையைக் கொட்டியதும் தண்ணீரில் அலசி, மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஓட்டைகள் வழியே வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் அடைப்பு இரண்டு வகை. கறுப்பாக இருந்தால் பொடி. எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் இடுக்கியால் பிடித்து, ஓட்டைப் பக்கத்தைச் சிறு தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். பொடி கருகி உதிரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும். தானாக ஆறும்வரை தண்ணீரில் போடாதீர்கள். ஆறிய பிறகு தட்டிவிட்டு, மிச்சத்தை ஊசியால் எடுங்கள்.

ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டவே கூடாது. ஈயப்பூச்சு அடுப்புத் தீயில் உருகிவிடும். பூச்சு போய் உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால், மறுபடி பூசும்வரை அந்த ஃபில்டரை எடுத்து வைத்துவிடுங்கள். காபியின் புளிப்பு பித்தளையோடு நேரே சேரக் கூடாது. மாயவரத்திலிருந்து வந்த என் பித்தளை ஃபில்டர் இப்படித்தான் அலமாரிக்குப் போனது, எவர்சில்வர் வந்தது.

வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு. இந்த ஊர்த் தண்ணீரில் கழுவினாலே அது படியும். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரில் எவர்சில்வர் பாத்திரத்தை அரை மணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அடியிலிருந்து தேயுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துடைத்து, கவிழ்க்காமல் நிமிர்த்தி வையுங்கள். காலையில் பொடி போடும்போது உள்ளே ஈரம் இருக்காது.